4:3 ஸ்ட்ரெட்ச்: சிஎஸ்2 ஆடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 ஆட வந்த புதியவர்களும் சரி, வருடக்கணக்கில் ஆடுகிறவர்களும் சரி, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஸ்ட்ரெட்ச் ரெசல்யூஷன் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. வேறு மாதிரிச் சொல்லாத இடங்களில் எல்லாக் கணக்கும் 1920x1080 மானிட்டரில் 1280x960-ஐ முழுத்திரைக்கு இழுத்து ஆடுவதை வைத்துப் போட்டது.

ஸ்ட்ரெட்ச்னா என்ன? சும்மா ரெசல்யூஷனைக் குறைக்கிறதுதானே?

இரண்டு வேலை சேர்ந்து நடக்கிறது. ரெசல்யூஷனை மட்டும் குறைப்பது என்றால் 1280x720 வைப்பது. அதுவும் 16:9 வடிவம்தான். படம் மங்கும், கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சுமை குறையும், அவ்வளவுதான். ஆட்களின் உருவம் மாறாது.

1280x960 என்பது 4:3 வடிவம், அதாவது கொஞ்சம் சதுரத்தை ஒட்டிய படம். அதை அகலமான 16:9 திரை முழுக்க நிரப்பச் சொல்லும்போது அகலம் 1.5 மடங்கும் உயரம் 1.125 மடங்கும் இழுபடுகிறது. உயரத்தோடு ஒப்பிட்டால் அகலம் 1.33 மடங்கு கூடுதல். ஆட்கள் மூன்றில் ஒரு பங்கு பருத்துத் தெரிவது இதனால்தான். ரப்பர் தாளில் ஒரு படம் வரைந்து இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் எப்படியோ அப்படி: கோடு நீளும், புதிதாகக் கோடு எதுவும் வந்துவிடாது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுவே அடிப்படை.

பக்கவாட்டுல எவ்வளவு மறையும்? கொஞ்சம்தான்னு சொல்றாங்களே?

சிஎஸ்-இல் மேலும் கீழும் தெரியும் கோணம் எந்த வடிவத்திலும் ஒன்றுதான், கிட்டத்தட்ட 74 டிகிரி. மாறுவது பக்கவாட்டுக் கோணம் மட்டும். 16:9-இல் அது 106 டிகிரி, 4:3-இல் 90 டிகிரி. ஒவ்வொரு பக்கமும் 8 டிகிரி போகிறது. 8 டிகிரி என்றால் சின்னதாகத் தோன்றும். ஆனால் திரையில் பார்த்தால் 1920 பிக்சல் அகலத்தில் இடப்பக்கம் 240, வலப்பக்கம் 240 பிக்சல் வெட்டுப்படுகிறது. மொத்தப் படத்தில் கால் பங்கு.

ஆட்டத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்பதை மனதில் வைத்துக்கொள்ள ஒரு எளிய வழி உண்டு. 90 டிகிரி என்றால் நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 45 டிகிரி. ஆகவே எதிரி உங்களுக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறானோ அதைவிடப் பக்கவாட்டில் அதிகம் விலகி நின்றால் 4:3-இல் அவன் திரையிலேயே இல்லை. 16:9-இல் முன்தூரத்தைப் போல் ஒன்றே கால் மடங்குக்கும் சற்று மேல் விலகி நின்றாலும் தெரிவான். ஒரு வாசலைத் தாண்டி உள்ளே வருகிறீர்கள். 5 மீட்டர் முன்னால், 6 மீட்டர் வலப்பக்கமாக ஒருவன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16:9-இல் அவன் வலது விளிம்பிலிருந்து ஏறக்குறைய 96 பிக்சல் உள்ளே நிற்பான். 4:3-இல் அவன் சுடும் சத்தம்தான் முதல் தகவல்.

தூரத்துச் சண்டையில் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. 30 மீட்டருக்கு முன்னால் இருப்பவன் 30 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் நிற்பது அரிது. சைட்டுக்குள் நுழையும்போதும் குறுகிய அறைகளிலும்தான் அது கடிக்கும்.

ஆளுங்க அகலமா தெரியறாங்க, அப்போ சுடறதும் ஈசிதானே?

கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது, கைக்கு அல்ல. ஹிட்பாக்ஸ், அதாவது குண்டு பட்டதாகக் கணக்கில் வரும் உடல் எல்லை, சர்வரில் இருக்கிறது. உங்கள் மானிட்டர் படத்தை எப்படி இழுக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

ஒரு தலையை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுத்தரத் தூரத்தில் ஒருவனின் தலை 16:9-இல், திரையின் நடுவில், 18 பிக்சல் அகலம் தெரிகிறது. அது கோணத்தில் சுமார் 1.43 டிகிரி. 800 டிபிஐ, சென்சிடிவிட்டி 1 வைத்திருந்தால் மவுஸ் அனுப்பும் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பார்வை 0.022 டிகிரி திரும்புகிறது. அந்தத் தலையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக 65 எண்ணிக்கை, அதாவது மவுஸை மேஜையில் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகர்த்த வேண்டும். இப்போது 4:3 ஸ்ட்ரெட்ச். அதே தலை திரையில் 24 பிக்சல் அகலம் தெரியும். கோணம்? அதே 1.43. மவுஸ் நகர வேண்டியது? அதே 2 மில்லிமீட்டர். கை செய்ய வேண்டிய வேலையில் மயிரிழைகூடக் குறையவில்லை.

ஆனாலும் பலருக்கு ஏன் எளிதாக இருக்கிறது என்றால், இலக்கு பெரிதாகத் தெரியும்போது க்ராஸ்ஹேர் அதன் மேல் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா என்பதைக் கண் சீக்கிரம் பிரித்துப் பார்க்கிறது. திருத்த வேண்டிய பிழை கண்ணுக்குத் தெளிவாகிறது. இது நிஜமான பலன்தான், பொய்யில்லை. “ஹிட்பாக்ஸ் பெரிசாகுது” என்று அதைச் சொல்வதுதான் தவறு.

ஸ்ட்ரெட்ச் வச்ச உடனே மவுஸ் வேகமா ஓடுது. சென்ஸ் குறைக்கணுமா?

வேண்டாம். மேலே சொன்ன 800 டிபிஐ, சென்சிடிவிட்டி 1-இல் முழுச்சுற்று சுற்ற 52 செ.மீ. மவுஸ் நகர வேண்டும். ரெசல்யூஷன் எதுவானாலும் அதே 52 செ.மீ.தான். வேகமாக ஓடுவதாகத் தோன்றுவது, பக்கவாட்டில் படம் 1.33 மடங்கு இழுபட்டிருப்பதால். மேலும் கீழும் அந்தத் தோற்றம் இருக்காது.

சிஎஸ்:கோ காலத்தில் சிலர் இதைச் சமன்படுத்த, பக்கவாட்டில் திரும்பும் வேகத்தை மட்டும் தீர்மானிக்கும் `m_yaw` மதிப்பை 0.022-இலிருந்து 0.0165-க்கு இறக்கினார்கள். திரையில் பார்க்க இரண்டு அச்சும் ஒரே வேகமாகும். ஆனால் பின்னால் திரும்பக் கூடுதல் தூரம் மவுஸைத் தள்ள வேண்டியிருக்கும், கை பழகிய திருப்பமெல்லாம் குறைந்துபோகும். நான் யாருக்கும் இதைப் பரிந்துரைப்பதில்லை. நான்கைந்து நாள் ஆடினால் கண்ணே சரிசெய்துகொள்ளும்.

எதிரியும்தான் வேகமா ஓடுறான். அப்போ நஷ்டம்தானே?

வேகம் கூடுகிறது, நேரம் குறையவில்லை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு இடைவெளி 16:9-இல் 90 பிக்சல் அகலம், ஒருவன் நொடிக்கு 300 பிக்சல் வேகத்தில் அதைக் கடக்கிறான் என்றால் 0.3 நொடி தெரிவான். ஸ்ட்ரெட்சில் இடைவெளி 120 பிக்சல், வேகம் 400 பிக்சல். வகுத்துப் பாருங்கள், அதே 0.3 நொடி.

ஆனால் கண்ணுக்கு வேகம் வேகம்தான். ஓடுகிறவனைத் தொடர்ந்து குறிவைத்துச் சுடுபவர்கள் ஆரம்பத்தில் திணறுவார்கள். க்ராஸ்ஹேரை ஒரு மூலையில் நிறுத்திவைத்து, அவன் வந்து விழும்போது சுடுகிறவர்களுக்கு இது தொந்தரவே இல்லை. உங்கள் ஆட்டம் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தூரத்துல இருக்கிறவன் 4:3-ல நல்லா தெரியறான்கிறது உண்மையா?

பாதி உண்மை. அந்த 18 பிக்சல் தலைக்கே திரும்பிப் போவோம். 1280x960-இல் கார்டு அந்தத் தலையை 16 பிக்சல் அகலத்தில்தான் வரைகிறது. பிறகு அந்த 16-ஐ இழுத்து 24 ஆக்குகிறது. ஆக, தெரியும் உருவம் பெரிது, அதில் இருக்கும் விவரம் குறைவு. கிட்டத்தில் இதனால் ஒன்றும் ஆகாது. தலை ஐந்தாறு பிக்சலாகச் சுருங்கும் தூரத்தில், அது தலையா சுவரின் விளிம்பா என்று சந்தேகம் வரும். கம்பி, வேலி, இலைகள் இருக்கும் இடங்களில் விளிம்புகள் நடுங்குவதைப் பார்க்கலாம். ஆன்டி-அலியாசிங்கை 4x அல்லது அதற்கு மேல் வைத்தால் இந்த நடுக்கம் கணிசமாகக் குறையும். வீடியோ அமைப்பில் FidelityFX Super Resolution அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஏற்கெனவே சிறிதான படத்தை இன்னும் சிறிதாக வரைந்து பெரிதாக்கும். இரண்டும் சேர்ந்தால் தூரத்து ஆள் கரைந்தே போவான்.

ஆட்கள் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பது மட்டுமே உங்கள் தேவை என்றால் இன்னொரு வழி இருக்கிறது, ஏனோ யாரும் முயன்று பார்ப்பதில்லை. மானிட்டர் கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருந்தால் 45 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். எல்லாமே 1.33 மடங்கு பெரிதாகும், உயரமும் சேர்த்து. பக்கவாட்டில் எதுவும் வெட்டுப்படாது, படமும் மங்காது. பல ப்ரோ ஆட்டக்காரர்கள் திரைக்குள் மூக்கை நுழைத்தபடி உட்கார்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

எஃப்பிஎஸ் எவ்வளவு ஏறும்?

1920x1080-இல் ஒரு ஃபிரேமுக்கு 20.7 லட்சம் பிக்சல். 1280x960-இல் 12.3 லட்சம். கார்டின் பிக்சல் வேலையில் நூற்றுக்கு 41 குறைகிறது. ஆனால் எஃப்பிஎஸ் அதே கணக்கில் ஏறாது, ஏனென்றால் ஒரு ஃபிரேமில் பிக்சல் எண்ணிக்கையைச் சாராத வேலைகளும் இருக்கின்றன. பழைய கார்டிலும், தனிக் கார்டு இல்லாத லேப்டாப்பிலும் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

சராசரி எண்ணைவிட, எஃப்பிஎஸ் எங்கே விழுகிறது என்பதைப் பாருங்கள். சிஎஸ்2-இன் புகை கனபரிமாணம் உள்ளது. அதன் விளிம்பில் நிற்கும்போதும், திரை முழுக்கப் புகையும் நெருப்புமாக இருக்கும்போதும் கார்டுக்கு வேலை கூடும். சண்டை நடப்பதும் பெரும்பாலும் அங்கேதான். குறைந்த ரெசல்யூஷன் அந்தச் சரிவை ஆழமாகாமல் தடுக்கிறது என்றால் அதற்காக மட்டுமே அதை வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு எஃப்பிஎஸ் ஏறவே இல்லையே. எதாவது தப்பா செட் பண்ணிட்டேனா?

தப்பு ஒன்றும் இல்லை, உங்கள் கணினியில் முட்டுக்கட்டை பிராசஸர். ஆட்களின் அசைவு, சர்வரிலிருந்து வரும் தகவல், கார்டுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது எல்லாம் பிராசஸர் செய்வது. ரெசல்யூஷனைக் குறைத்தால் கார்டு சும்மா காத்திருக்கும், அவ்வளவுதான்.

கண்டுபிடிப்பது எளிது. கன்சோலைத் திறந்து இந்த இரண்டையும் போடுங்கள்:

```
fps_max 0
cl_showfps 1
```

மேப்பில் ஒரே இடத்தில், ஒரே திசையைப் பார்த்து நின்று, 1920x1080-இல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 1280x960-க்கு மாற்றி அதே இடத்தில் மறுபடி பாருங்கள். எண் ஏறக்குறைய அசையாமல் இருந்தால் பிராசஸர்தான். ஆட்கள் இருக்கும் ஆட்டத்திலும் ஒருமுறை பாருங்கள். காலி மேப்பில் பிராசஸருக்குப் பெரிய வேலை இருக்காது. பிராசஸர்தான் தடை என்று தெரிந்துவிட்டால், எஃப்பிஎஸ்-க்காக 4:3-க்குப் போவதில் பொருளே இல்லை. தெளிவையும் ஓரங்களையும் இலவசமாக விட்டுக்கொடுத்ததாகத்தான் ஆகும்.

4:3 வச்சா ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை வருது. எப்படி இழுக்கிறது?

ஆட்டத்தில் Aspect Ratio-வை 4:3 ஆக்கி 1280x960-ஐத் தேர்ந்தெடுங்கள். Display Mode கண்டிப்பாக Fullscreen ஆக இருக்க வேண்டும். Fullscreen Windowed வேண்டாம். பட்டையை எடுப்பது கார்டின் வேலை. என்விடியா என்றால் NVIDIA Control Panel-இல் Adjust desktop size and position போய், Full-screen என்பதைத் தேர்ந்து, Perform scaling on என்ற இடத்தில் GPU வைத்து, Override the scaling mode என்று தொடங்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். ஏஎம்டி என்றால் GPU Scaling-ஐ இயக்கி Scaling Mode-இல் Full panel.

பட்டையோடே ஆடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆட்கள் பருமனாகத் தெரியாது, பார்வைக் கோணமும் அதே 90தான். கவனம் நடுவிலேயே இருக்கிறது என்பார்கள். எனக்கு அதில் லாபம் தெரியவில்லை.

இழுக்கிற வேலையை கார்டு செய்யட்டுமா, மானிட்டர் செய்யட்டுமா? லேக் வருமா?

கார்டிடம் விடுங்கள். கார்டு இழுப்பதால் கையில் உணரும் அளவுக்குத் தாமதம் வருவதில்லை. மானிட்டரிடம் விட்டால் அது எந்த மானிட்டர் என்பதைப் பொறுத்தது.

நிஜமாக ஆட்களைப் படுத்தும் கோளாறு வேறு. ரெசல்யூஷன் மாறும்போது ரெஃப்ரெஷ் ரேட் சத்தமில்லாமல் 60-க்கு இறங்கிவிடும். 144 அல்லது 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி வைத்துக்கொண்டு 60-இல் ஆடுவார்கள், “ஸ்ட்ரெட்ச் வச்சதிலிருந்து கனமா இருக்கு” என்பார்கள். மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து தகவல் பக்கத்தைப் பாருங்கள். அங்கே 1920x1080-ம் உங்கள் முழு ஹெர்ட்ஸும் காட்டினால் கார்டுதான் இழுக்கிறது, எல்லாம் சரி. 1280x960 என்று காட்டினால் மானிட்டர் இழுக்கிறது. பக்கத்திலேயே ஹெர்ட்ஸ் என்ன என்று பாருங்கள்.

1280x960 நல்லதா, 1440x1080 நல்லதா? 16:10 நடுவாந்தரமா இருக்குமா?

கார்டுக்கு மூச்சு இருந்தால் 1440x1080. அதுவும் 4:3தான், அதே 90 டிகிரி, ஆட்கள் அதே அளவுக்கு அகலம். வித்தியாசம், உயரம் மானிட்டரின் உயரத்தோடு அச்சாகப் பொருந்துகிறது. 960 வரிகளை 1080 ஆக்கும்போது எட்டு வரியை ஒன்பதாகப் பிசைய வேண்டியிருக்கிறது. அந்த மங்கல் இதில் இல்லை. அகலத்தில் மட்டும்தான் இழுப்பு. 18 பிக்சல் தலை இதில் 18 பிக்சலாகவே வரையப்பட்டு 24 ஆகும், அதாவது விவரம் எதுவும் போகவில்லை. விலை, பிக்சல் சுமை 15.6 லட்சம். பட்டியலில் இல்லாவிட்டால் கார்டின் அமைப்பில் தனி ரெசல்யூஷனாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

16:10 உண்மையிலேயே நடுவழி. கோணம் 100 டிகிரி, ஆட்கள் ஒன்பதில் ஒரு பங்கு மட்டும் அகலம். ஓரம் பாதிக்கும் குறைவாகவே போகிறது. 4:3-இன் பழக்கமும் வேண்டும், ஓரத்தில் சாகவும் பிடிக்கவில்லை என்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

ப்ரோ எல்லாரும் 4:3-லதானே ஆடறாங்க? காரணம் இல்லாமயா?

காரணம் இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பகுதி வரலாறு. சிஎஸ் 1.6 ஆடியது சிஆர்டி மானிட்டரில். அந்த மானிட்டரின் வடிவமே 4:3. ரெசல்யூஷனைக் குறைத்தால்தான் 100 ஹெர்ட்ஸைத் தாண்ட முடியும், அதனால் 640x480, 800x600 என்று ஆடினார்கள். அப்போது அது எதையும் விட்டுக்கொடுக்காத தேர்வு. திரை அகலமான பிறகும் கண்ணும் கையும் பழகிய வடிவத்தை அவர்கள் விடவில்லை, அவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

சைவூ, சிம்பிள் போன்றவர்கள் 1280x960 ஸ்ட்ரெட்ச் என்பது தெரிந்ததே. அதே மேடையில் ரோப்ஸ் 1920x1080-இல் ஆடி உயரத்துக்கு வந்தவர். இன்னொன்று, ஐந்து பேர் அணியில் ஓரத்தை யாரோ ஒருவர் பார்த்துக்கொள்வார், மைக்கில் சொல்வார். தனியாக முன்பின் தெரியாதவர்களோடு ஆடும் உங்களுக்கு ஓரத்தைப் பார்க்க நீங்கள் மட்டும்தான்.

ஸ்ப்ரே, க்ராஸ்ஹேர், ஸ்கோப் எல்லாம் மாறுமா?

ஸ்ப்ரேயில் கை செய்வது அதேதான், சென்ஸ் பற்றிச் சொன்ன அதே காரணம். கண்ணுக்குப் பக்கவாட்டு ஆட்டம் பெரிதாகத் தெரியும். சாய்வாக இழுக்கும்போது 45 டிகிரிக் கோடு திரையில் 37 டிகிரியாகப் படுத்துத் தெரியும், அதனால் முதல் சில நாள் கை கொஞ்சம் தாழ்ந்து போகும்.

க்ராஸ்ஹேரும் படத்தோடு சேர்ந்து இழுபடுகிறது. நிற்கும் கோடு தடிக்கும், படுத்த கோடு நீளும். ஒரு பக்கத்தை மட்டும் சரிசெய்யும் அமைப்பு இல்லை என்பதால், மொத்தமாக ஒரு படி சின்னதாக்குங்கள். ஸ்கோப்பில் பயமில்லை: அதன் வட்டம் திரையின் உயரத்துக்குள் அடங்குவது, 4:3-இல் அதன் ஓரம் வெட்டுப்படாது. வட்டம் முட்டை வடிவமாகத் தெரியும், அவ்வளவே. ஸ்கோப் சென்ஸை மாற்ற வேண்டியதில்லை.

viewmodel_fov ஏத்தினா ஓரம் திரும்பக் கிடைக்காதா?

கிடைக்காது. அது 54-இலிருந்து 68 வரை, கையில் இருக்கும் துப்பாக்கியை மட்டும் தள்ளிக் காட்டும். உலகம் தெரியும் கோணத்தை சிஎஸ்2-இல் மாற்றும் ஒரே வழி திரை வடிவம்தான்.

கோணத்தை மாற்றும் ஸ்லைடர் தரும் ஆட்டங்களில் நிலைமை தலைகீழ். ஆட்கள் பெரிதாக வேண்டுமா, ஸ்லைடரைக் கொஞ்சம் இறக்கினால் போதும். உயரமும் அகலமும் சேர்ந்து வளரும், படமும் கூர்மையாக இருக்கும். அங்கே இழுப்பதற்குப் பெரிய காரணம் இல்லை.

வேலொரண்ட்ல 4:3 வச்சேன், ஆள் அகலமாவே ஆகலையே?

ஆகாது. வேலொரண்ட் 103 டிகிரிப் பார்வையைப் பூட்டி வைத்திருக்கிறது. 4:3 எடுத்து முழுத்திரைக்கு நிரப்பினாலும் அதே காட்சியைத்தான் நெருக்கி வரைந்து, திரும்ப விரிக்கிறது. ஆட்கள் பழைய அகலத்துக்கே வருகிறார்கள். க்ராஸ்ஹேரும் மேலே இருக்கும் எழுத்துகளும் மட்டும் பருக்கும். பலவீனமான கார்டுக்கு எஃப்பிஎஸ் கிடைக்கலாம். வேறு எதற்கும் அங்கே இது உதவாது.

சரி, ஓரம் போறதால எனக்கு நிஜமாவே அடி விழுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

உங்கள் டெமோவே, அதாவது ஆடிய ஆட்டத்தின் பதிவே, சொல்லிவிடும். நீங்கள் 4:3-இல் ஆடிய ஆட்டமாக இருந்தாலும், டெமோவைத் திறக்கும் திரை எந்த வடிவமோ அந்த வடிவத்தில்தான் அது காட்டும். ஆட்டத்தை 1920x1080-க்கு மாற்றி, நீங்கள் தோற்ற ஒரு மேட்ச்சின் டெமோவை உங்கள் பார்வையிலேயே ஓடவிடுங்கள். 24 அங்குல மானிட்டரின் அகலம் சுமார் 53 செ.மீ. அதில் எட்டில் ஒரு பங்கு, 6.6 செ.மீ. அகலத்துக்கு இரண்டு காகிதத் துண்டு வெட்டி இடமும் வலமும் ஒட்டுங்கள். 27 அங்குலம் என்றால் 7.5 செ.மீ. காகிதத்துக்கு நடுவில் தெரிவதுதான் ஆடும்போது நீங்கள் பார்த்த உலகம்.

ஒவ்வொரு சாவுக்கும் இரண்டு மூன்று நொடி முன்னால் நிறுத்தி, காகிதத்தை விலக்கிப் பாருங்கள். கொன்றவன் அந்தத் துண்டுக்குள் நின்றானா? நின்றான் என்றால் அடுத்த கேள்வி: 16:9-இல் ஆடியிருந்தால் அவனைக் கவனித்திருப்பீர்களா? பாதி உடல் மூலைக்குப் பின்னால், நீங்கள் வேறெங்கோ சுட்டுக்கொண்டிருந்தீர்கள் என்றால் அதை ஓரத்தின் கணக்கில் எழுத வேண்டாம். முழு ஆளாக அசைந்துகொண்டிருந்தான் என்றால் எழுதுங்கள். ஏழெட்டு மேட்ச் பார்த்தால் உருவம் தெளிந்துவிடும். முதல் ஆளாக உள்ளே நுழைகிறவர்களுக்கு இந்த எண் பெரும்பாலும் கூடுதலாக வரும். தூரத்தில் நின்று ஒரு கோட்டைக் காக்கிற ஏடபிள்யூபி ஆளுக்குப் பூஜ்யத்தை ஒட்டி வரும். ஒரே அமைப்பை இருவருக்கும் சொல்ல நான் மறுப்பது இதனால்தான்.

16:9-க்குத் திரும்பினா எல்லாம் சின்னதா, மெதுவா தெரியுது. ரெண்டு மேட்ச்ல விட்டுட்டேன்.

ரெண்டு மேட்ச் போதாது. 1.33 மடங்கு வேகத்துக்குப் பழகிய கண்ணுக்குச் சாதாரண வேகம் மெதுவாகத்தான் தெரியும், கையும் அவசரப்பட்டு இலக்கைத் தாண்டிப் போகும். இந்த நேரத்தில் சென்ஸை மட்டும் தொடாதீர்கள். தொட்டால் எது எதனால் என்று பிரிக்கவே முடியாது. நேரடியாக ரேங்க் ஆட்டத்துக்குப் போகாமல், முதல் வாரம் டெத்மேட்ச்சில் ஆடுங்கள். மானிட்டரைப் பத்துப் பதினைந்து செ.மீ. முன்னால் இழுத்துவைத்தால் “சின்னதா தெரியுது” என்பது அன்றே பாதியாகக் குறையும். அப்படியும் ஒட்டவில்லை என்றால் 16:10-இல் ஒரு வாரம் ஆடிவிட்டு மறுபடி 16:9-க்கு வாருங்கள்.